4 அடி ஜன்னலுக்கு 5 அடி லிண்டல்: கான்கிரீட், கம்பி கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி?

வீடு கட்டும் பலரும் அஸ்திவாரம் போடும்போது தினமும் சைட்டுக்குப் போவார்கள். மேல்தளம் போடும் நாளில் லீவு எடுத்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டுக்கும் நடுவில் வரும் லிண்டல் வேலை மட்டும் இரண்டு மூன்று நாளில் ஓசையில்லாமல் முடிந்துவிடும். “லிண்டலுக்கும் சன்சைடுக்கும் ஒரு 100 கிலோ கம்பி, பத்து மூட்டை சிமென்ட் சொல்லிடுங்க சார்” என்று மேஸ்திரி போனில் சொல்வார். கடைக்குச் சொல்லிவிடுவோம். அந்த 100 கிலோ சரியா, அதிகமா, குறைவா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஏனென்றால் கதவு, ஜன்னல்களுக்கு மேலே சுவரைத் தாங்குவது லிண்டல். நாம் வெளியே நிற்கும்போது தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது சன்ஷேடு. கம்பி அதிகமாக வந்தால் காசு போகும். குறைவாக வந்தால் எந்த இடத்தில் குறைத்தார்கள் என்பது கான்கிரீட் போட்ட பிறகு வெளியே தெரியாது.

நல்ல விஷயம் என்னவென்றால், இந்தக் கணக்குக்கு இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கதவு, ஜன்னலின் அகலமும், லிண்டல் சுவர்மேல் எவ்வளவு தூரம் உட்காருகிறது என்பதும் தெரிந்தால் மீதியெல்லாம் பெருக்கல்தான். ஒரு 4 அடி ஜன்னலை எடுத்துக்கொண்டு முழுவதும் போட்டுப் பார்ப்போம். அதை வைத்து ஒரு சின்ன வீட்டின் மொத்தக் கணக்குக்கும் போவோம்.

முதலில் நீளம்: அந்த ஒரு அடி எங்கிருந்து வருகிறது?

ஜன்னலின் அகலம் 4 அடி என்றால் லிண்டலின் நீளம் 4 அடி அல்ல. ஜன்னல் விட்ட இடைவெளிக்கு மேலே லிண்டல் ஒரு சின்னப் பாலம் மாதிரி கிடக்கிறது. பாலத்தின் இரண்டு முனையும் கரையில் உட்கார வேண்டும் இல்லையா? அப்படி லிண்டல் இரண்டு பக்கமும் செங்கல் சுவர்மேல் உட்காரும் நீளத்தைத்தான் சைட்டில் ‘பேரிங்’ என்கிறார்கள். சாதாரண வீட்டு ஜன்னல், கதவுகளுக்குப் பக்கத்துக்கு 6 இன்ச் விடுவது வழக்கம். ஆக, 4 அடியோடு அரை அடியும் அரை அடியும் சேர்த்து லிண்டல் 5 அடி.

மேலே இருக்கும் சுவரின் பாரம் லிண்டல் வழியாக இந்த இரண்டு முனைகளுக்கும் வந்து, அங்கிருந்து கீழே இறங்குகிறது. முனை 2 இன்ச் மட்டும் உட்கார்ந்திருந்தால் அத்தனை பாரமும் ஒரு செங்கல்லின் ஓரத்தில் விழும். கல் நொறுங்கும், லிண்டல் லேசாக இறங்கும். பிறகு ஜன்னலின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் மேலே ஏறும். பூசி, பெயின்ட் அடித்த பிறகும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் சாய்வு விரிசலுக்குப் பேரிங் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம். அகலம் கூடினால் முனையில் வரும் பாரமும் கூடும். அதனால் 6 அடியை நெருங்கும் ஜன்னல்களுக்கு 9 இன்ச் பேரிங் விடுவது நல்லது.

அளவு எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிளானில் போட்டிருப்பது பெரும்பாலும் கதவு, ஜன்னல் நிலையின் அளவு. லிண்டலுக்கு வேண்டியது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உண்மையில் விட்டிருக்கும் இடைவெளி. டேப்பைப் பிடித்து அதை அளந்துகொள்ளுங்கள்.

கான்கிரீட்: லிண்டலைவிட சன்ஷேடு பெரிது

நம் ஜன்னல் 9 இன்ச் சுவரில் இருக்கிறது. லிண்டலின் அகலமும் அதே 9 இன்ச், அதாவது 0.75 அடி. உயரம் வழக்கமான 6 இன்ச், அதாவது 0.5 அடி. நீளம் 5 அடி. மூன்றையும் பெருக்கினால் 5 × 0.75 × 0.5 = 1.875 கன அடி.

சன்ஷேடு சுவரிலிருந்து 2 அடி வெளியே நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் வழிய வேண்டும் என்பதற்காகச் சுவரோரம் 4 இன்ச், நுனியில் 2 இன்ச் என்று சரிவாகப் போடுவார்கள். சராசரியாக 3 இன்ச், அதாவது 0.25 அடி. நீளத்தை லிண்டல் அளவுக்கே 5 அடி வைப்பது வழக்கம். 5 × 2 × 0.25 = 2.5 கன அடி.

பார்க்க மெல்லிசாகத் தெரியும் சன்ஷேடு, கனமாகத் தெரியும் லிண்டலைவிட அதிக கான்கிரீட்டை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்த்து 4.375 கன அடி. கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன அடி சுமார் 71 கிலோ இருக்கும். அப்படியென்றால் அந்த சன்ஷேடு மட்டும் கிட்டத்தட்ட 177 கிலோ. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

லிண்டல் கம்பி: பெரிய கம்பி கீழே

கம்பியின் எடைக்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. கம்பியின் தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 533-ஆல் வகுத்தால் ஓர் அடிக்கு எத்தனை கிலோ என்பது வந்துவிடும்.

D × D ÷ 533

8 மி.மீ. கம்பிக்கு அடிக்கு 0.12 கிலோ. 10 மி.மீ. கம்பிக்கு 0.188 கிலோ. இந்த இரண்டு எண் போதும்.

சாதாரண வீட்டு லிண்டலில் வழக்கமாகப் பார்க்கும் அமைப்பு இது: கீழே இரண்டு 10 மி.மீ., மேலே இரண்டு 8 மி.மீ., இவற்றைச் சுற்றி 6 இன்ச்சுக்கு ஒரு 8 மி.மீ. ரிங். உங்கள் இன்ஜினீயர் கொடுத்த வரைபடத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. கணக்குப் போடும் முறை மாறாது, எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கம்பி கான்கிரீட்டின் விளிம்பைத் தொடக்கூடாது. எல்லாப் பக்கமும் 1 இன்ச் உள்ளே இருக்க வேண்டும். எனவே 5 அடி லிண்டலுக்குள் போகும் கம்பியின் நீளம் 4 அடி 10 இன்ச், அதாவது 4.83 அடி. கீழே இரண்டு கம்பிக்கு 9.67 அடி, எடை 1.82 கிலோ. மேலே இரண்டு கம்பிக்கும் அதே நீளம், எடை 1.16 கிலோ.

இனி ரிங். 9-க்கு 6 இன்ச் லிண்டலில் எல்லாப் பக்கமும் 1 இன்ச் விட்டால் ரிங்கின் அளவு 7-க்கு 4 இன்ச். சுற்றளவு 22 இன்ச். இரண்டு முனையையும் உள்ளே மடக்கும் கொக்கிக்கு 6 இன்ச். ஒரு ரிங்குக்கு 28 இன்ச் கம்பி. எத்தனை ரிங் என்று பார்க்க, 58 இன்ச்சை 6-ஆல் வகுத்து, மேல் முழு எண்ணாக 10 ஆக்கி, ஒன்று கூட்ட வேண்டும். 11 ரிங். எடை 3.08 கிலோ.

அதாவது, நான்கு நீளக் கம்பிகளும் சேர்ந்து 2.98 கிலோ. ரிங் மட்டும் 3.08 கிலோ. லிண்டலில் பாதி எடை ரிங்கில் இருக்கிறது. மொத்தம் சுமார் 6.06 கிலோ.

பெரிய கம்பி ஏன் கீழே? மேலே பாரம் வரும்போது லிண்டல் நடுவில் கீழ்நோக்கி வளையப் பார்க்கும். ஒரு ஸ்கேலை இரண்டு புத்தகத்தின்மேல் வைத்து நடுவில் அழுத்திப் பாருங்கள். அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுபடும் இடத்தில் கம்பி இருக்க வேண்டும். லிண்டலில் அந்த இடம் அடிப்பக்கம்.

சன்ஷேடு கம்பி: இங்கே எல்லாம் தலைகீழ்

சன்ஷேடுக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம். அதே ஸ்கேலை மேசை ஓரத்தில் ஒரு கையால் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டியிருக்கும் நுனியை அழுத்துங்கள். இப்போது இழுபடுவது மேல்பக்கம், அதிலும் மேசையின் விளிம்பை ஒட்டிய இடம். அதனால் சன்ஷேடின் முக்கியக் கம்பி மேலேதான் இருக்க வேண்டும். லிண்டலுக்குள் போய் அது நன்றாகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும்.

8 மி.மீ. கம்பியை 6 இன்ச்சுக்கு ஒன்றாகப் போடுவதாக எடுத்துக்கொள்வோம். வெளியே நீளும் 2 அடியில் நுனிக்கு 1 இன்ச் விட்டால் 23 இன்ச். லிண்டலின் அகலம் முழுக்க உள்ளே போக 8 இன்ச். அங்கே கீழே மடங்கி இறங்க 4 இன்ச். திரும்பவும் அடியில் மடங்கி வர 6 இன்ச். மொத்தம் 41 இன்ச், அதாவது 3.42 அடி.

லிண்டலுக்குள் போகும் 8, 4, 6 மூன்றையும் கூட்டினால் 18 இன்ச் வருகிறது. இது சும்மா போட்ட அளவு இல்லை. எம்20 கான்கிரீட்டில் எஃப்.இ. 500 ரக 8 மி.மீ. கம்பி உருவிக்கொண்டு வராமல் பிடித்து நிற்க, ஐ.எஸ். 456 விதிப்படி சுமார் 450 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். அதுதான் இந்த 18 இன்ச். “கொஞ்சம் உள்ள விட்டா போதும்” என்று 6 இன்ச் மட்டும் விட்டால், கம்பி இருக்கும், பிடிமானம் இருக்காது.

5 அடிக்கு இந்தக் கம்பி 11 வரும். எடை 4.51 கிலோ. இதற்குக் குறுக்கே, சுவருக்கு இணையாக 8 இன்ச்சுக்கு ஒன்று என 4 கம்பி. ஒவ்வொன்றும் 4.83 அடி, எடை 2.32 கிலோ. சன்ஷேடுக்கு மொத்தம் 6.83 கிலோ. லிண்டலோடு சேர்த்தால் இந்த ஒரு ஜன்னலுக்குக் கிட்டத்தட்ட 13 கிலோ.

எடை சரியாக இருந்தும் வேலை கெட்டுப்போவது இங்கேதான் அதிகம். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் சன்ஷேடு கம்பிமேல் காலை வைத்துத்தான் நிற்பார்கள். 8 மி.மீ. கம்பி அந்த எடைக்குக் கீழே அமுங்கிப் பலகையைத் தொட்டுவிடும். சுவரோரம் சன்ஷேடின் கனமே 4 இன்ச்தான். மேலே இருக்க வேண்டிய கம்பி அடியில் போய்விட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரி. வெளியே பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. சில வருடம் கழித்துச் சன்ஷேடின் மேல்பக்கம், சுவரை ஒட்டி நீளவாக்கில் ஒரு விரிசல் தெரியும். அதில் மழைத்தண்ணீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். அப்படி ஒரு விரிசல் உங்கள் வீட்டில் இருந்தால் அதைப் பூச்சு விரிசல் என்று விட்டுவிடாமல் இன்ஜினீயரிடம் காட்டுவது நல்லது.

ஒரு வீட்டுக்கு மொத்தம் எவ்வளவு?

இப்போது 800 சதுர அடி அளவில், இரண்டு படுக்கையறை உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் பக்கத்துக்கு 6 இன்ச் பேரிங்.

- வாசல் கதவு 3.5 அடி, ஒன்று: லிண்டல் 4.5 அடி
- பின்கதவு 3 அடி, ஒன்று: லிண்டல் 4 அடி
- அறைக் கதவு 3 அடி, இரண்டு: லிண்டல் 8 அடி
- பாத்ரூம் கதவு 2.5 அடி, இரண்டு (4.5 இன்ச் சுவர்): லிண்டல் 7 அடி
- ஜன்னல் 4 அடி, ஐந்து: லிண்டல் 25 அடி
- சமையலறை ஜன்னல் 3 அடி, ஒன்று: லிண்டல் 4 அடி
- வென்டிலேட்டர் 2 அடி, இரண்டு: லிண்டல் 6 அடி

இடைவெளிகளின் அகலத்தை மட்டும் கூட்டினால் 44.5 அடி. லிண்டல் நீளமாகக் கூட்டினால் 58.5 அடி. பதினான்கு இடத்திலும் இடத்துக்கு ஓர் அடி என 14 அடி பேரிங்கில் வருகிறது. அதை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட கால்வாசி லிண்டல் காகிதத்திலேயே காணாமல் போய்விடும். இடைவெளி சின்னதாக ஆக ஆக இந்தப் பிழை பெரிதாகும். 2 அடி வென்டிலேட்டருக்கு லிண்டல் 3 அடி, ஒன்றரை மடங்கு.

கான்கிரீட்டைப் பார்ப்போம். 9 இன்ச் சுவரில் வரும் லிண்டல் 51.5 அடி. அதற்கு 19.3 கன அடி. பாத்ரூம் கதவுகளுக்கு அகலம் பாதிதான் என்பதால் 1.3 கன அடி. சன்ஷேடு உள்ளே இருக்கும் கதவுகளுக்குக் கிடையாது. வாசல், பின்கதவு, ஆறு ஜன்னல்கள் சேர்த்து 37.5 அடி நீளத்துக்கு 2 அடி சன்ஷேடு. அது 18.75 கன அடி. வென்டிலேட்டர்களுக்கு 1 அடி நீட்டினால் 1.5 கன அடி. ஆக மொத்தம் சுமார் 41 கன அடி.

1:1.5:3 கலவைக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் பிடிக்கும். 41 கன அடி என்பது 1.16 கன மீட்டர். எனவே ஒன்பதே கால் மூட்டைக்குக் கொஞ்சம் கூட. மேஸ்திரி கேட்ட பத்து மூட்டை சரிதான்.

கம்பிக்கு, ஜன்னலுக்குச் செய்த அதே கணக்கை ஒவ்வொன்றுக்கும் செய்தால் லிண்டலுக்கு 70 கிலோ, சன்ஷேடுக்கு 57 கிலோ, மொத்தம் சுமார் 127 கிலோ வருகிறது. இதில் 10 மி.மீ. வெறும் 21 கிலோதான். மீதி 106 கிலோவும் 8 மி.மீ. வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 133 கிலோ வாங்க வேண்டியிருக்கும். மேஸ்திரி கேட்டது 100 கிலோ.

அந்த 100 கிலோ எங்கிருந்து வந்தது?

மேஸ்திரி ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் குறைத்துத்தானே கேட்டிருக்கிறார். லிண்டல், சன்ஷேடு கம்பிக்கு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: கான்கிரீட் அளவில் நூற்றில் ஒரு பங்கு கம்பி. ஒரு கன அடி இரும்பு சுமார் 222 கிலோ. நூற்றில் ஒரு பங்கு 2.22 கிலோ. 41 கன அடிக்கு 91 கிலோ. சேதாரம் சேர்த்து ‘ஒரு 100 சொல்லிடுங்க’ என்று வந்துவிடுகிறது.

பெரிய பீம்களில் ஒரு மதிப்பீட்டுக்கு இது உதவும். லிண்டல் மாதிரி சின்ன உறுப்பில் ஏன் தப்புகிறது என்றால், முன்பே பார்த்தபடி, இங்கே ரிங்கும் நீளக் கம்பியும் எடையில் சமம். உறுப்பு எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு ரிங்கின் பங்கு கூடும்.

கைக்கணக்குப்படி வரும் 91 கிலோவுக்கும், எண்ணிப் பார்த்து வந்த 127 கிலோவுக்கும் வித்தியாசம் 36 கிலோ. இந்த வீட்டில் லிண்டல் ரிங் எல்லாவற்றையும் கூட்டினால் 35 கிலோ. சைட்டில் கம்பி தீர்ந்துபோனால் எதில் கைவைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நீளக் கம்பியைக் குறைத்தால் பளிச்சென்று தெரியும். 6 இன்ச் ரிங்கை 9 இன்ச் ஆக்கினால், சன்ஷேடு கம்பியின் உள்மடிப்பை வெட்டினால், யாருக்கும் தெரியாது. கெட்ட எண்ணமே இல்லாமல், கணக்கு குறைந்ததால் மட்டுமே வேலை குறைய முடியும். வாங்கும்போதே எண்ணி வாங்கினால் இந்த நிலைமை வராது.

கணக்கு தப்பும் மற்ற இடங்கள்

சில வீடுகளில் ஜன்னல், கதவுக்கு மட்டும் தனித்தனியாக லிண்டல் போடாமல், எல்லாச் சுவர்மேலும் ஒரே வளையமாக ஓடவிடுவார்கள். ‘ரன்னிங் லிண்டல்’ என்பார்கள். நிலநடுக்கத்தைக் கருதிச் செங்கல் கட்டடங்களுக்கு ஐ.எஸ். 4326 சொல்லும் லிண்டல் பட்டையும் இந்த வகைதான். அப்போது பேரிங் கணக்கே கிடையாது. சுவர்களின் மொத்த நீளம்தான் லிண்டலின் நீளம். ஒரே பில்லில் ‘ரன்னிங் லிண்டல்’ என்று ஒரு வரியும், ‘ஜன்னல் லிண்டல்’ என்று இன்னொரு வரியும் இருந்தால் ஒரே கான்கிரீட்டுக்கு இரண்டு தடவை காசு கொடுக்கிறீர்கள். சன்ஷேடு மட்டும் தனி வரியாக வரலாம்.

அதேபோல லிண்டல் உட்காரும் இடத்தில் செங்கல் கிடையாது. செங்கல் கட்டுக்கு கன அடிக் கணக்கில் கூலி பேசியிருந்தால், லிண்டலின் கன அடியை, பேரிங் உட்பட, அதில் கழிக்க வேண்டும்.

கதவுக்குப் பக்கத்திலேயே குறுக்குச் சுவரோ தூணோ வந்தால் 6 இன்ச் பேரிங்குக்கு இடம் இருக்காது. கான்கிரீட் தூண் என்றால் தூண் போடும்போதே லிண்டல் கம்பிக்கான துண்டுகளை நீட்டி விட்டிருக்க வேண்டும். இதைப் பிறகு யோசித்தால் தூணைக் கொத்த வேண்டிவரும். கதவும் ஜன்னலும் ஒட்டினாற்போல வந்து நடுவில் ஓர் அடிச் சுவர்கூட இல்லையென்றால் இரண்டு லிண்டலும் ஒன்றோடொன்று இடிக்கும். அங்கே இரண்டுக்கும் சேர்த்து ஒரே நீள லிண்டல் போட வேண்டும். கணக்கிலும் ஒன்றாகத்தான் எழுத வேண்டும்.

இந்தக் கட்டுரையின் கம்பி அளவுகள் 5 அடிக்குள் இருக்கும் சாதாரண ஜன்னல், கதவுக்கு உரியவை. 6 அடியைத் தாண்டும் ஜன்னல், லிண்டல்மேல் பீம் வந்து உட்காரும் இடம், 2 அடிக்கு மேல் நீளும் சன்ஷேடு ஆகியவற்றை இன்ஜினீயர் தனியாக டிசைன் செய்ய வேண்டும்.

முட்டு எப்போது பிரிக்கலாம்?

இப்போது அந்த 177 கிலோவுக்கு வருவோம். கான்கிரீட் போட்ட அன்று சன்ஷேடுக்கு மேலே இன்னும் சுவர் கட்டியிருக்க மாட்டார்கள். லிண்டலின் எடை சுமார் 133 கிலோ. அது சுவரின் வெளி விளிம்புக்கு உள்ளே, சராசரியாக நாலரை இன்ச்சில் இருக்கிறது. சன்ஷேடின் 177 கிலோ அதே விளிம்புக்கு வெளியே, சராசரியாக 11 இன்ச்சில் தொங்குகிறது. சீசா பலகை மாதிரிதான். உள்பக்கம் 133 × 4.5, கிட்டத்தட்ட 600. வெளிப்பக்கம் 177 × 11, கிட்டத்தட்ட 1,950. வெளிப்பக்கம் மூன்று மடங்குக்கும் மேல்.

கான்கிரீட் எவ்வளவு இறுகியிருந்தாலும், கம்பி எவ்வளவு சரியாக இருந்தாலும், இந்த நிலையில் முட்டை எடுத்தால் லிண்டலோடு சேர்ந்து மொத்தமும் வெளியே கவிழத்தான் பார்க்கும். அதைப் பிடித்து அழுத்தி வைக்கப்போவது மேலே கட்டப்போகும் சுவர். 9 இன்ச் சுவர், 5 அடி நீளத்துக்கு, ஓர் அடி உயரம் சுமார் 200 கிலோ இருக்கும். கணக்குப்படி ஒன்றரை அடிச் சுவர் எழும்பினால் தராசு சமன் ஆகும், அவ்வளவுதான். ஒரு ஆள் அதன் நுனியில் ஏறி நின்றால் அதுவும் போதாது. லிண்டலிலிருந்து மேல்தளம் வரை வழக்கமாக இரண்டரை அடிச் சுவர் வரும். அந்தச் சுவர் முழுக்க எழும்பி, மேல்தளமும் போட்டு முடிக்கும் வரை சன்ஷேடின் முட்டு இருப்பதே பாதுகாப்பு.

“பலகை வேற சைட்டுக்கு வேணும், பிரிச்சிடலாமா?” என்று சென்ட்ரிங்காரர் கேட்பது சகஜம். “14 நாள் ஆயிடுச்சே சார்” என்றும் சொல்வார். கான்கிரீட் இறுக நாள் கணக்கு சரி. கவிழாமல் இருக்க நாள் கணக்கு உதவாது, மேலே எத்தனை அடி சுவர் எழும்பியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

கான்கிரீட் போடும் நாள் காலையில்

கையில் டேப்பும் இந்தப் பட்டியலும் இருந்தால் அரை மணி நேர வேலை. ஒவ்வொரு லிண்டல் பெட்டியின் நீளத்தையும் அளந்து, அது இடைவெளியைவிட ஓர் அடி கூடுதலாக இருக்கிறதா, அந்த ஓர் அடி இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் 10 இன்ச், மறுபக்கம் 2 இன்ச் என்று இருந்தாலும் மொத்தம் சரியாகவே வரும். 4 அடி ஜன்னலில் ரிங்கை எண்ணுங்கள், 11 வர வேண்டும். பெரிய கம்பி கீழே இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, சன்ஷேடு கம்பியின் நடுவில் கையை வைத்து அழுத்துங்கள். அமுங்கிப் பலகையைத் தொட்டால் அடியில் கவர் பிளாக்கோ, கம்பியை வளைத்துச் செய்த சேரோ போதவில்லை என்று அர்த்தம். “இதைத் தூக்கி வெச்சுட்டு அப்புறம் கான்கிரீட் போடலாம் அண்ணே” என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.